கலங்கிய மனமும் கலையாத வரிசையும்

சென்ற ஆண்டு மலருக்கென்று நான் ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தேன். அது மலரில் வெளிவரவில்லை. ஏன் வெளிவரவில்லை என்பதை நான் அறிந்துகொண்ட விதத்தையே இங்கு எழுதுகிறேன். கதை எழுதிப் பார்க்கும் நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

கதையின் கரு என் வீட்டில் நடந்தது. 2013ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் கண்டுவிட்டு, ஊர் திரும்ப மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திற்கு வந்தோம். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை கூடியதால் பெயர் பெற்ற அவ்விடத்தில் 1999இல் பேருந்து நிலையம் வந்தது. தென் மாவட்டங்களுக்கும் இராமநாதபுரம் பக்கத்திற்கும் செல்லும் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. திருவிழா இரவில் அங்கே கால் வைக்க இடமிராது. அப்பா பேருந்தின் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்தார். ஒன்பது வயதான என்னை அந்த இடத்துக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கினார். அம்மா ஐந்து வயதுத் தம்பியுடன் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனார். அங்கே தம்பி காணாமற் போனான். அரைமணி நேரத்துக்குள் கிடைத்தும் விட்டான். ஆயினும் அந்த அரைமணியை அம்மா இன்றுவரை மறக்கவில்லை.

அம்மாவின் அந்த அரைமணி மனத்தைத்தான் நான் கதையாக்க முயன்றேன். கதையில் அம்மாவுக்குச் செல்லம்மா என்றும், தம்பிக்கு முத்து என்றும் பெயர் வைத்தேன்.

முதல் முயற்சி

நான் முதலில் எழுதியதில் ஒரு பகுதி இது:

“கூட்டம்... கூட்டம்... முகங்கள்... எங்கே... எங்கே... எங்கே... எங்கே... எங்கே... பஸ்... ஊதல்... நீலச் சட்டை... ஐயோ... அவன் பிறந்த நாள்... மழை... தண்ணீர்... யாரோ திட்டுகிறார்கள்... பஸ்... கை... கை எங்கே...”

எழுதி முடித்தபோது எனக்கு மிகுந்த பெருமை. மனம் சிதறும்போது மொழியும் சிதற வேண்டுமல்லவா, அதைச் சாதித்துவிட்டேன் என்று எண்ணினேன். கதையைப் படித்த எங்கள் பேராசிரியர் ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: “தம்பி, இந்த இடத்தில் அந்த அம்மாள் எங்கே நிற்கிறாள்?” என்னால் விடை சொல்ல இயலவில்லை.

வீட்டுக்கு வந்து அதே பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏப்பா, இதுல நான் முதல்ல பஸ்ஸுக்குப் போனேனா, ஊதல்காரன்கிட்ட போனேனா?” என்றார். தமக்கே நடந்ததை அவரால் என் எழுத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பேராசிரியரின் வினாவைவிட இது என்னை அதிகம் சுட்டது.

“சரிம்மா, நீங்களே சொல்லுங்க” என்றேன். சொன்னார். குழாயடி, தூண், பேருந்து, ஊதல்காரன், நேரக்காப்பாளர் அறை, மறுபடியும் குழாயடி. ஆறு இடங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் ஒன்றுகூட இடம் மாறவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கலங்கியது மனம், கால்கள் கலங்கவில்லை. அவை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு ஒரு வரிசையில்தான் சென்றன. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு காரணமும் இருந்தது. நானோ வாக்கியத்தை உடைப்பதாக எண்ணிக்கொண்டு வரிசையை உடைத்துவிட்டேன். உடைக்க வேண்டியது வாக்கியத்தை மட்டுமே.

கண்ணகியின் கால்கள்

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே மதுரைத் தெருக்களில் கலங்கிய மனத்தோடு ஓடிய ஒருத்தியை இளங்கோவடிகள் நமக்குக் காட்டியிருக்கிறார். சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ்வரியில் கண்ணகியின் பேச்சு புலம்பலாகவும், திரும்பத் திரும்ப எழும் வினாக்களாகவும் அமைந்துள்ளது. ஆனால் அவள் சென்ற வழி நமக்கு ஒருபோதும் குழம்புவதில்லை. ஆயர் சேரியில் செய்தி கேட்கிறாள். நகரத் தெருவில் இறங்குகிறாள். கோவலன் வெட்டுண்டு கிடக்கும் இடத்தை அடைகிறாள். அங்கிருந்து அரண்மனை வாயிலுக்குச் செல்கிறாள். இவை அனைத்தினூடும் ஒற்றைச் சிலம்பு அவள் கையில் இருக்கிறது. சொல் சிதறுகிறது, கால் வழி மாறவில்லை, கைப்பொருள் தொடர்கிறது.

மேலைநாட்டில் நனவோடை உத்தியில் எழுதியவர்களும் இதை அறிந்திருந்தனர். வர்ஜீனியா உல்ஃப் 1925இல் வெளியிட்ட ‘மிஸஸ் டாலோவே’ என்னும் நாவலில் பாத்திரங்களின் எண்ணம் பல ஆண்டுகள் முன்னும் பின்னுமாகத் தாவும். ஆனால் இலண்டன் மாநகரின் பிக் பென் கடிகாரம் அவ்வப்போது மணி அடித்துக்கொண்டே இருக்கும். எண்ணம் எங்கே சென்றாலும், பொழுது எவ்வளவு ஆயிற்று என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

என் கதைக்கு அத்தகைய ஒரு மணி வேண்டியிருந்தது. அதை அம்மாவே தந்தார். “தம்பி கிடைச்சப்புறந்தான் பார்த்தேன், பாட்டில் மூடியை அவ்வளவு நேரமும் கைக்குள்ளேயே இறுக்கி வச்சிருந்திருக்கேன். உள்ளங்கையில வட்டமா தடம் பதிஞ்சு போச்சு” என்றார். அந்த மூடியே என் கதையின் கடிகாரம் ஆயிற்று.

தமிழ் தரும் மூன்று உதவிகள்

வரிசையைக் காட்டுவதற்கு எளிய வழி ‘பிறகு’, ‘அதன்பின்’, ‘அடுத்து’ என்று சொற்களைப் போடுவது. அப்படியும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். வரிசை தெளிந்தது, ஆனால் பதற்றம் பறந்துபோயிற்று. ஓடுகிறவள் மனத்தில் ‘அதன்பின்’ என்ற சொல் எழாது. அச்சொற்களின் வேலையைச் சத்தமின்றிச் செய்ய வேறு சில உறுப்புகள் நம் மொழியில் இருக்கின்றன.

முதலாவது, வேற்றுமை உருபு. என் முதல் முயற்சியில் ‘பஸ்’ என்ற சொல் இருமுறை வருகிறது. அவள் பஸ்ஸைப் பார்த்தாளா, பஸ்ஸை நினைத்தாளா, அதில் ஏறினாளா என்பது விளங்காது. உருபைச் சேர்த்துப் பாருங்கள். ‘பஸ்ஸுக்கு’ என்றால் போகிறாள். ‘பஸ்ஸில்’ என்றால் அங்கே இருக்கிறது. ‘பஸ்ஸிலிருந்து’ என்றால் விலகுகிறாள். நான்காம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் ஒரே சொல்லில் ஒரு நகர்வையே காட்டிவிடுகின்றன. எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. இருந்தும் திசை இருக்கிறது. ஆகவே வாக்கியத்தில் எதை வெட்டினாலும் இடப்பெயரின் உருபை மட்டும் வெட்டக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன்.

இரண்டாவது, வினையெச்சம். ‘தள்ளி’, ‘மிதித்து’, ‘திரும்பி’ என்பன முடிவு தேடி நிற்கும் சொற்கள். அவற்றை முற்று இல்லாமல் அப்படியே விட்டுவிட்டால் மூச்சு வாங்குவது போன்ற ஓர் உணர்வு பிறக்கிறது. அதே வேளையில் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம், இச்செயல் முடிந்தது, இனி வேறொன்று வருகிறது என்று முறையையும் சொல்லிவிடுகிறது. குறையாக நின்றே வரிசையைக் காக்கும் இந்தச் சொல்லைவிடப் பொருத்தமான கருவி இவ்வேலைக்கு வேறில்லை.

மூன்றாவது, அடுக்குத் தொடரின் அளவு. விரைவிலும் அச்சத்திலும் சொல் அடுக்கி வருவது இயல்பு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விரைவுபற்றி அடுக்கும் சொல்லுக்கு மூன்றே எல்லை என்கிறது. செய்யுளில் ஓசை நிறைப்பதற்கு மட்டும் நான்கு வரை இடம் தருகிறது. நானோ ‘எங்கே’ என்பதை ஐந்து முறை எழுதியிருந்தேன். உரக்கப் படித்துப் பார்த்தபோது, மூன்றாவதற்குமேல் அச்சம் கூடவில்லை என்பதைக் கேட்டே அறிந்தேன். நான்காவதிலிருந்து அது தாளமாக ஒலித்தது. பழைய இலக்கணம் வகுத்த அளவு என் செவிக்கும் சரியாகவே இருந்தது.

புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். மூன்று புள்ளிகள் எண்ணம் மெல்லத் தேய்வதைக் காட்டுவன. ஏக்கத்துக்கும் அயர்வுக்கும் அவை பொருந்தும. பதற்றத்தில் எண்ணம் தேய்வதில்லை. முட்டி நிற்கிறது, உடனே வேறு பக்கம் பாய்கிறது. எனவே புள்ளி வரிசைகளை நீக்கிவிட்டு முற்றுப்புள்ளி வைத்தேன்.

மாற்றி எழுதியது

எழுதுவதற்கு முன், ஆறு இடங்களையும் ஒரு தாளில் முழு வாக்கியங்களாக எழுதினேன். ஒவ்வொன்றின் எதிரிலும், அங்கிருந்து அவள் ஏன் அடுத்த இடத்துக்குப் போகிறாள் என்பதைக் குறித்தேன். ‘ஒளிந்து விளையாடுகிறான் என்று நினைத்துத் தூணைச் சுற்றுகிறாள். அங்கே இல்லாததால் அப்பாவிடம் போயிருப்பான் என்று பேருந்துக்கு ஓடுகிறாள்.’ இப்படி. இது படிப்பவர் காணாத தாள். இதை முன்னால் வைத்துக்கொண்டுதான் வாக்கியங்களை உடைக்கத் தொடங்கினேன். அவ்வாறு அமைந்த பகுதி வருமாறு:

“குழாயடி. மூடி இடது கையில், பாட்டில் வலது கையில். ‘இங்கேயே நில்லு முத்து, அம்மா தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன்.’ கழுத்துவரை நிறைந்தது. திரும்பினாள்.

இல்லை.

தூணுக்கு அந்தப் பக்கம். ஒளிஞ்சு விளையாடுறான். தூணைச் சுற்றி. தூங்குகிற கால்கள். கூடை. யாரோ ஒரு கிழவி. சுற்றி மறுபடி குழாய்க்கே. இல்லை. பாட்டில் எப்போது விழுந்தது.

அப்பாகிட்ட போயிருப்பான். பஸ்ஸுக்கு. பஸ்ஸுக்குத்தான். தள்ளி, யாரையோ மிதித்து, பார்த்துப் போம்மா, மிதித்து. சன்னலில் பெரியவன் முகம். பக்கத்தில் துண்டு. துண்டு மட்டும். ‘என்னம்மா?’ சொல்லக் கூடாது. சொன்னால் இவனும் இறங்கிவிடுவான். உள்ளங்கையில் என்னவோ குத்துகிறது.

பஸ்ஸிலிருந்து திரும்பி. எங்கே. எங்கே. ஊதல்! மத்தியானம் ஊதல் கேட்டு அழுதான். நான்தான் வேண்டாம்னு. ஊதல்காரனிடம். அந்தப் பீப்பீச் சத்தம் வருகிற பக்கம். நீலச் சட்டை. நீலச் சட்டை! தோளைப் பிடித்து, திருப்பி,

வேறு முகம்.

‘ஏம்மா, எம் புள்ளைய எதுக்கு இழுக்குற?’”

இப்பகுதியில் எந்த இடத்திலும் ‘அவள் பதறினாள்’ என்று நான் எழுதவில்லை. ஆனால் எந்த வரியில் நிறுத்தினாலும், அவள் எங்கே நிற்கிறாள், எங்கிருந்து வந்தாள், ஏன் வந்தாள் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

நினைவுகளைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல் முயற்சியில் பிள்ளை பிறந்த நாளும் மழையும் வந்தன. அவை அழகாக இருக்கும் என்று நான் சேர்த்தவை. அம்மாவைக் கேட்டபோது, “அந்த நேரத்துல பொறந்ததும் வளர்ந்ததும் எங்கப்பா ஞாபகம் வரும்? ஊதல் கேட்டு அழுதது மட்டுந்தான் வந்துச்சு” என்றார். எண்ணிப் பார்த்தால் அதற்குக் காரணம் உண்டு. அஞ்சிய மனம் அகலமாகப் பார்ப்பதில்லை. தேடும் பொருளோடு ஒட்டியதை மட்டுமே பற்றிக்கொள்கிறது. ஊதல் பற்றிய நினைவு அவரை ஊதல்காரனிடம் ஓட வைத்தது. காலை நகர்த்தாத நினைவுக்கு இத்தகைய பகுதியில் இடமில்லை என்று அறிந்துகொண்டேன். கடந்த காலத்திலிருந்து ஒன்றே ஒன்று வந்தால், அது நடப்பதோடு கலந்து குழப்பவும் குழப்பாது.

பிறர் பேச்சும் முடிவும்

அடுத்த இடம் நேரக்காப்பாளர் அறை. இங்கே இன்னோர் உதவி கிடைத்தது. பதறுகிறவர் ஒருவர்தாம், சுற்றியிருப்பவர்கள் பதறவில்லை. அவர்கள் முழு வாக்கியத்தில் ஒழுங்காகப் பேசுவார்கள். “பேர் என்னம்மா? வயசு என்ன? என்ன சட்டை போட்டிருந்தான்?” என்று ஒலிபெருக்கியின் முன் இருந்தவர் கேட்கிறார். இக்கேள்விகளின் வரிசையே அப்பகுதிக்குப் போதிய எலும்புக்கூடு. செல்லம்மாவின் விடைகள் மட்டும் உடைந்தால் போதும். அம்மாவுக்கு அப்போது தம்பியின் பள்ளிக்கூடப் பெயர் நாவில் வரவில்லையாம். வீட்டில் அழைக்கும் பெயரைத்தான் மூன்று முறையும் சொன்னாராம். அதை அப்படியே எழுதினேன்.

முடிவில் அவள் குழாயடிக்கே திரும்புகிறாள். குழாயை மூடாமல் போனதால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டில் அதில் உருள்கிறது. புறப்பட்ட இடத்தின் பொருள்களே திரும்பவும் வருவதால், வட்டம் முடிந்தது என்று படிப்பவர் உணர்வார். தூணுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் விரிப்பு விரித்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே நான் நெடுநேரம் கழித்து ஒரு முழு வாக்கியம் எழுதினேன்: “அவர்களுக்கு நடுவே முத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தான்.” எழுவாயும் பயனிலையும் பொருந்திய அந்த வாக்கியம் வந்தவுடனே பதற்றம் தணிந்துவிட்டது என்பது தெரிந்துவிடும். ‘அவளுக்கு உயிர் வந்தது’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. அதன் பின்னரே அவள் கையை விரித்து மூடியைப் பார்க்கிறாள்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. உடைந்த வாக்கியங்களை நெடுநேரம் படிக்க யாராலும் இயலாது. முதலில் ஆறு இடங்களையும் உடைந்த நடையிலேயே நான்கு பக்கங்களுக்கு எழுதினேன். படித்த வகுப்புத் தோழர் இரண்டாம் பக்கத்திலேயே வரிகளைத் தாண்டத் தொடங்கினார். அவர் கண் தாண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கினேன். வெளியார் பேச்சு வரும் இடங்களில் முழு வாக்கியங்கள் இருப்பது மூச்சு விடவும் உதவியது.

இறுதிச் சோதனை

எழுதியது சரியா என்று அறிய ஒரு சோதனை செய்தேன். கதையை ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத் தாளை மூடிவைத்து, என்ன நடந்தது என்று கேட்பவரை முறையாகச் சொல்லச் சொல்வது. ஓர் இடம் முன்பின்னாக வந்தால், குற்றம் கேட்டவருடையதன்று; அந்த இடத்தில் உருபோ காரணமோ விட்டுப்போயிருக்கும். என் தோழர்கள் இருவரும் ஆறு இடங்களையும் பிழையின்றிச் சொன்னார்கள்.

கடைசியாக அம்மாவுக்குப் படித்தேன். இம்முறை அவர் எதையும் கேட்கவில்லை. ஊதல்காரன் வந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடித்ததும், “எல்லாம் சரிதான்ப்பா. ஒண்ணு மட்டும் விட்டுட்ட. பஸ் சன்னல்ல நீ ‘என்னம்மா’ன்னு கேட்டப்ப, நான் உன்னைப் பார்த்துச் சிரிச்சேன். நீ பயந்துடக் கூடாதுன்னு” என்றார்.

எனக்கு அந்தச் சிரிப்பு நினைவிருந்தது. அம்மா வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார் என்றுதான் இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அன்றிரவு எதுவும் நடந்ததாகவே அந்தச் சன்னலில் இருந்த எனக்குத் தெரியாது.

‘சொல்லக் கூடாது. சொன்னால் இவனும் இறங்கிவிடுவான்’ என்ற வரிக்கும், ‘பஸ்ஸிலிருந்து திரும்பி’ என்ற வரிக்கும் இடையில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன்: “சிரித்து.” அது வினையெச்சம்தான். முற்று வேண்டியதில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன்.